சோற்றைக் குறைப்பதா, தேங்காயைக் குறைப்பதா?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், இரண்டு பக்கமிருந்தும் புத்திமதி வரும். "சோறு, பாண் எல்லாத்தையும் விடு, மீனும் முட்டையும் எவ்வளவும் சாப்பிடலாம்" என்பார் ஒருவர். "தேங்காய்ப்பாலையும் பொரியலையும் நிப்பாட்டு, சோறு தின்னாமல் மனுசன் இருக்கேலுமா" என்பார் மற்றவர். இருவருக்கும் கையில் ஒரு சாட்சி இருக்கும். ஒருவரின் மச்சான் சோற்றை விட்டு மூன்று மாதத்தில் மெலிந்திருப்பார், மற்றவரின் அக்கா எண்ணெயைக் குறைத்து மெலிந்திருப்பா. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். அது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். இடையில் கொஞ்சம் கணக்கு வரும், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்குவோம்

நாம் சாப்பிடுவதில் சக்தி தருபவை முக்கியமாக மூன்று. சோறு, புட்டு, இடியப்பம், பாண், மரவள்ளிக்கிழங்கு, சீனி ஆகியவற்றில் நிறைந்திருப்பது மாச்சத்து. தேங்காய், நல்லெண்ணெய், பட்டர், இறைச்சியின் நெய்ப்பகுதி ஆகியவற்றில் இருப்பது கொழுப்பு. மீன், முட்டை, பருப்பு, பயறு, சோயாமீற் ஆகியவற்றில் அதிகம் கிடைப்பது புரதம். சாப்பாடு தரும் சக்தியை அளக்கும் அலகு கலோரி. ஒரு கிராம் மாச்சத்தில் சுமார் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்திலும் அவ்வளவே. கொழுப்பில் மட்டும் ஒரு கிராமுக்கு 9.

மாச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தைக் கொழுப்பும் புரதமும் பிடிக்க விடுவது குறைமாச்சத்து உணவுமுறை. கொழுப்பைக் குறைத்து, சோறு, கிழங்கு, பருப்பு, பழம் ஆகியவற்றை வைத்துக்கொள்வது குறைகொழுப்பு உணவுமுறை. எவ்வளவு குறைத்தால் அந்தப் பெயருக்குத் தகும் என்பதில் ஆளுக்கு ஆள் வேறு எல்லை போடுகிறார்கள். வாக்குவாதம் முடிவில்லாமல் நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம். மதியம் ஒரு அகப்பைச் சோறு குறைத்தவரும், நாள் முழுக்க 20 கிராம் மாச்சத்தோடு நிற்பவரும் "நான் கார்ப் குறைச்சிட்டன்" என்றுதான் சொல்லுவார்கள்.

முதல் கிழமை ஏன் ஏமாற்றுகிறது

சோற்றை விட்டவர் முதல் கிழமையிலேயே இரண்டு கிலோ இறங்கிவிட்டதாகச் சொல்லுவார். தராசு பொய் சொல்லவில்லை, ஆனால் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர்.

வீட்டுக் கிணற்றையும், கூரைக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி சின்னது, குழாயைத் திறந்தால் அதன் மட்டம் சட்டென்று இறங்கும், மோட்டரைப் போட்டால் சட்டென்று ஏறும். கிணற்றின் மட்டம் ஒரு நாளில் மாறாது. உடம்பிலும் சக்திக்கு இப்படி இரண்டு சேமிப்பு உண்டு. ஈரலிலும் தசையிலும் மாச்சத்தைச் சேர்த்து வைத்திருப்பது கிளைக்கோஜன், அதுதான் தாங்கி. வயது வந்த ஒருவரிடம் அது அரைக் கிலோ அளவில் இருக்கும். தோலுக்கடியிலும் வயிற்றுக்குள்ளும் இருக்கும் கொழுப்புத்தான் கிணறு.

கிளைக்கோஜன் தனியாக இருப்பதில்லை. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் கிளைக்கோஜன் செலவாகும், அதோடு தண்ணீரும் வெளியேறும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ என்று சில நாளில் இறங்குவது இதனால்தான். பிறகு ஒரு கலியாண வீட்டில் வயிறாரச் சோறு சாப்பிட்டால், மறுநாள் அதில் பாதி திரும்பி வந்திருக்கும். அந்த மனிதர் "ஒரு நேரச் சோத்துக்கே ஒரு கிலோ ஏறிட்டு" என்று பயந்துபோவார். ஏறியதும் தண்ணீர்தான்.

குறைகொழுப்பு வழியில் போனவருக்கு இந்தத் தொடக்கப் பரிசு கிடைக்காது. அவர் முதல் கிழமையில் அரைக் கிலோதான் இறங்கியிருப்பார், அது பெரும்பாலும் கிணற்றிலிருந்து போனதாக இருக்கும். தராசை மட்டும் பார்த்தால் அவர் தோற்றவர் போலத் தெரியும். ஆகவே எந்த வழியானாலும் முதல் இரண்டு கிழமையின் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஒரே தட்டு, இரண்டு வழி

இனி ஒரு உதாரணம். கோண்டாவிலில் இருக்கும் ஒரு ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். வயது 45, நிறை 78 கிலோ. காலையில் புட்டு, சம்பல், சொதி. மதியம் சோறு, மீன் குழம்பு, ஒரு வெள்ளைக்கறி, ஒரு பொரியல். பின்னேரம் பால் தேத்தண்ணியும் ஒரு வடையும். இரவு இடியப்பம். நாளுக்கு மூன்று தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஊரில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

அவர் குறைகொழுப்பு வழியைத் தேர்ந்தால் எங்கே கை வைப்பார்? சம்பலில் அவர் பங்குக்கு வரும் தேங்காய்ப்பூ 30 கிராம் இருக்கும், அதில் சுமார் 105 கலோரி. அதை விட்டு, வெங்காயமும் தக்காளியும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்த ஒரு சம்பலுக்கு மாறுகிறார். வெள்ளைக்கறிக்கும் குழம்புக்கும் முதல்பால் விடாமல் இரண்டாம் பாலோடு நிறுத்துகிறார், அதில் 130 அளவில் குறையும். பொரித்த கத்தரிக்காய் குடிக்கும் எண்ணெய் கொஞ்சமல்ல. பொரியலை வறையாக மாற்றினால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் குறைந்தாலே 120. வடையை விட்டால் இன்னும் 90 அளவில். எல்லாம் கூட்டினால் சுமார் 445 கலோரி.

அதே ஆசிரியை குறைமாச்சத்து வழியைத் தேர்ந்தால்? காலைப் புட்டுக்கு 100 கிராம் மா போனால் பாதியைக் குறைக்கிறார், அது 180 கலோரி. பசிக்காமல் இருக்க ஒரு அவித்த முட்டையைச் சேர்க்கிறார், அதில் 70 திரும்பி வருகிறது. மதியம் 300 கிராம் சோற்றை 150 ஆக்கி, மீதி இடத்தை முருங்கையிலை வறையாலும் இன்னொரு மரக்கறியாலும் நிரப்புகிறார். சோற்றில் குறைந்தது 195, கூடுதல் கறிக்கு ஒரு 40 திரும்பி வரும். மூன்று தேத்தண்ணிக்கும் சீனியை விட்டால் ஆறு கரண்டி, அது 120. வடையும் போனால் 90. கூட்டிக் கழித்தால் 475.

இரண்டு வழியிலும் உடம்புக்குப் போய்ச் சேரும் குறை கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே வருவது செலவைவிடக் குறைந்தால் மிச்சத்தை உடம்பு தன் கொழுப்பிலிருந்து எடுக்கிறது. குறைந்தது சோற்றாலா தேங்காயாலா என்பது அந்தக் கணக்கை அதிகம் மாற்றுவதில்லை. இரண்டு பட்டியலிலும் வடை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உழுந்து, எண்ணெய் இரண்டும் சேர்ந்த சாப்பாடு அது. றோல்ஸ், பற்றிஸ், கேக், கொத்துரொட்டி எல்லாமே அப்படித்தான், மாவும் கொழுப்பும் ஒன்றாகக் கலந்தவை. எந்த முகாமில் சேர்ந்தாலும் இவை தட்டிலிருந்து வெளியேறிவிடும். மச்சானும் அக்காவும் வேறு வேறு வழியில் மெலிந்ததற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கக்கூடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: முதல் கிழமை வேறுபாடு பெரும்பாலும் தண்ணீர். அதன் பிறகு கொழுப்பைக் கரைப்பது மொத்தக் குறை, அதை எந்தப் பக்கத்திலிருந்தும் உண்டாக்கலாம்.

609 பேரை வைத்துப் பார்த்தபோது

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், மனிதர்களை வைத்துச் சோதித்தார்களா என்று கேட்கலாம். சோதித்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் தலைமையில் நடந்த ஒரு ஆய்வு 2018இல் வெளிவந்தது. உடல் பருமனான, நீரிழிவு இல்லாத 609 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் குறைகொழுப்பு, மற்றவர்களுக்குக் குறைமாச்சத்து. காலம் ஒரு வருடம்.

இந்த ஆய்வை நடத்திய விதம் எனக்குப் பிடிக்கும். கலோரி எண்ணச் சொல்லவில்லை. இரு பகுதியினருக்கும் பொதுவாகச் சொன்னது: மரக்கறி நிறையச் சாப்பிடுங்கள், சீனியையும் வெள்ளை மாவையும் குறையுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். முதல் எட்டுக் கிழமையில் கொழுப்பையோ மாச்சத்தையோ நாளுக்கு 20 கிராம் வரை இறக்கிப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, "இந்த அளவில் காலம் முழுக்க இருக்க என்னால் முடியும்" என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும் இடத்தில் நிற்கச் சொன்னார்கள். வருடத்தில் 22 வகுப்புகளும் நடந்தன.

ஒரு வருட முடிவில் குறைகொழுப்புக்காரர் சராசரியாக 5.3 கிலோ குறைந்தார்கள், குறைமாச்சத்துக்காரர் 6.0 கிலோ. அந்த 0.7 கிலோ தற்செயலாகவும் வரக்கூடிய அளவு, ஆகவே வெற்றி தோல்வி இல்லை. அதைவிட முக்கியமான விஷயம் சராசரிக்கு அடியில் இருந்தது. இரண்டு பகுதியிலும் 30 கிலோ அளவுக்கு இறங்கியவர்களும் இருந்தார்கள், 10 கிலோ அளவுக்கு ஏறியவர்களும் இருந்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே அறிவுரை, நாற்பது கிலோ இடைவெளி. உணவு வகைகளுக்கு இடையே இருந்த வேறுபாடு ஒரு கிலோவுக்கும் குறைவு.

இன்சுலின் பற்றியும் அங்கேயே ஒரு பதில் கிடைத்தது. மாச்சத்துச் சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் குளுக்கோசைக் கலங்களுக்குள் அனுப்பும் சுரப்பு இன்சுலின். அது கொழுப்பு வெளியேறுவதைத் தடுக்கும், ஆகவே சோறு சாப்பிடும்வரை மெலியவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள். சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு இன்சுலின் கொழுப்பு வெளியேறுவதைக் குறைப்பது உண்மை. ஆனால் நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், சக்தி குறைவாக வரும்போது சாப்பாட்டுக்கு இடையிலும் இரவிலும் கொழுப்பு வெளியேறத்தான் செய்கிறது. இன்சுலின் அதிகம் சுரப்பவர்களுக்குக் குறைமாச்சத்து நன்றாக வேலை செய்யுமா என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. மரபணுவை வைத்து "உங்களுக்கு இந்த உணவு" என்று பிரிக்க முடியுமா என்றும் பார்த்தார்கள், அதுவும் உதவவில்லை.

அப்படியானால் நாற்பது கிலோ இடைவெளி எங்கிருந்து வந்தது?

2005இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு இதை நேரே தொட்டது. 160 பேர், நான்கு பிரபலமான உணவுமுறைகள். ஒரு முனையில் மாச்சத்தை மிகவும் குறைக்கும் முறை, மறுமுனையில் கொழுப்பை மிகவும் குறைக்கும் முறை, நடுவில் மிதமான இரண்டு. மாதந்தோறும் ஒவ்வொருவரும் தாங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தோம் என்று பத்துக்கு ஒரு புள்ளி கொடுத்தார்கள். வருட முடிவில் நான்கு முறைகளின் சராசரியும் இரண்டு முதல் மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கியது. எந்த முறை என்பதற்கும் எவ்வளவு குறைந்தார்கள் என்பதற்கும் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை. கடைப்பிடித்த புள்ளிக்கும் குறைந்த நிறைக்கும் தொடர்பு வலுவாக இருந்தது. இரண்டு முனைகளிலும் இருந்த கடுமையான முறைகளில் சுமார் பாதிப்பேர் வருடம் முடிவதற்குள் விலகிவிட்டார்கள், நடுவில் இருந்தவற்றில் விலகியவர்கள் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. நிறை இறங்குவதைக் கண்டவருக்கு உற்சாகம் வரும், அதனாலும் அவர் தொடர்ந்திருக்கலாம். கடைப்பிடித்ததால் குறைந்ததா, குறைந்ததால் கடைப்பிடித்தாரா என்பதை இப்படியான ஆய்வால் முழுமையாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் வகைக்குத் தொடர்பே தெரியாமல் போனதும், கடுமையான முறைகளில் ஆட்கள் கழன்றதும் கவனிக்க வேண்டியவை.

ஆசிரியையின் கணக்குக்குத் திரும்புவோம். நாளுக்கு 450 கலோரி குறை என்று எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. இதை வைத்து நேராக வகுத்தால் வருடத்தில் 21 கிலோ வரும். அப்படி நடக்காது, ஏனென்றால் நிறை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நல்ல மதிப்பீடு இது: நாளுக்கு 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் இறுதியில் ஒரு கிலோ இறங்கும், அதில் பாதி முதல் வருடத்தில். அப்படிப் பார்த்தால் 450 கலோரிக்கு முதல் வருடத்தில் 9 கிலோ அளவில் வரும்.

இப்போது அவர் திங்கள் முதல் வெள்ளி வரை சரியாக இருக்கிறார் என்று வைப்போம். ஐந்து நாளில் 2,250 கலோரி குறைந்திருக்கும். சனி ஒரு பிறந்தநாள் வீடு, ஞாயிறு பிள்ளைகளோடு வெளியே கொத்துரொட்டியும் ஐஸ்கிரீமும். ஒவ்வொரு நாளும் வழக்கத்தைவிட 900 கலோரி கூடுதலாகப் போவது கஷ்டமே இல்லை. இரண்டு நாளில் 1,800 திரும்பிவிட்டது. கிழமைக்கு மிஞ்சுவது 450, நாளுக்கு 64. அதே மதிப்பீட்டின்படி வருடத்துக்கு ஒன்றரைக் கிலோ கூட இல்லை. இவர் கிழமையில் ஐந்து நாள் வாயைக் கட்டியவர், ஆகவே "நான் எவ்வளவோ கட்டுப்பாடாக இருக்கிறேன், எனக்கு இது சரிவரவில்லை" என்று அவர் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. அடுத்த கட்டமாக அவர் குறைகொழுப்பிலிருந்து குறைமாச்சத்துக்கு மாறுவார். சனி ஞாயிறு அப்படியே இருக்கும்.

பசி ஏன் பின்னால் துரத்துகிறது

தொடர முடியாததை மனக்கட்டுப்பாட்டுக் குறை என்று சொல்லிவிடுவது நம்மிடம் வழக்கம். உடம்பே எதிர்த்து இழுக்கிறது என்பதைக் காட்டிய ஒரு அழகான ஆய்வு உண்டு. கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழு 2016இல் அதை வெளியிட்டது.

நீரிழிவுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை, குளுக்கோசைச் சிறுநீரோடு வெளியேற்றும். நாளுக்கு ஏறத்தாழ 90 கிராம், அதாவது 360 கலோரி. அதைப் போடுபவருக்கு உள்ளே இருந்து சக்தி ஒழுகுவது தெரியாது. சாப்பாட்டை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. நிறை இறங்கியது, சில மாதங்களில் நின்றது. ஒழுகுவது தொடர்ந்தபோதும் ஏன் நின்றது? அவர்கள் தங்களை அறியாமலே கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். கணக்கிட்டுப் பார்த்தபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்கு ஏறியிருந்தது. உடம்பின் செலவு குறைவது கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான். பலரும் பழி போடுவது "மெதுவாகிப்போன" உடம்பின் மேல், ஆனால் பெரிய இழுவை பசியிலிருந்து வருகிறது.

ஆசிரியை 4 கிலோ குறைந்த பிறகு பழையதைவிட 400 கலோரி அதிகம் கேட்கும் பசியோடு அதே சிறிய தட்டின் முன்னால் அமர்ந்திருக்கிறார். முதல் மாதத்தில் இலகுவாக இருந்தது ஐந்தாம் மாதத்தில் கடினமாவது இதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு கூடும், கறியில் பால் தடிக்கும், அவருக்கே தெரியாது. குறைமாச்சத்து முறை ஆறு மாதத்தில் முன்னுக்கு நிற்பதும், ஒரு வருடத்தில் அந்த முன்னிலை கரைந்துபோவதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. கடுமையான எல்லை முதலில் தளர்கிறது.

எனவே நல்ல உணவுமுறை என்பதற்கு ஒரு நடைமுறை அளவுகோல் கிடைக்கிறது: ஏறும் பசியை எந்த ஏற்பாடு உங்களுக்குக் குறைந்த துன்பத்தோடு சமாளிக்கிறது? புரதமும் நார்ச்சத்தும் வயிற்றை நீண்ட நேரம் நிறைவாக வைத்திருக்கும். நார்ச்சத்து என்பது கீரை, மரக்கறி, பருப்பு, தீட்டாத அரிசி ஆகியவற்றில் இருக்கும், நம் குடல் முழுதாகச் செரிக்காத பகுதி. இவை இரண்டையும் இரண்டு வழியிலும் கூட்டலாம். சிலருக்கு அரைப் புட்டும் ஒரு முட்டையும் மதியம் வரை தாங்கும், சிலருக்குச் சோறு இல்லாத மதியம் சாப்பிட்டதாகவே தோன்றாது, நாலு மணிக்குக் கை பிஸ்கட் பேணிக்குப் போகும். இந்த வேறுபாட்டைச் செய்துபார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் வீட்டு அடுப்பில் எது நிலைக்கும்

இங்கே யாழ்ப்பாணத்துக்கென்று சில விஷயங்கள் வருகின்றன.

கறி ஒரே சட்டியில்தான் காயும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஒருவருக்காக முதல்பால் விடாத கறியைத் தனியே வைப்பது நாலு நாளைக்கு நடக்கும், பிறகு சமைப்பவர் களைத்துவிடுவார். சோற்றின் அளவு அப்படியல்ல, அது தட்டில் போடும்போது தீர்மானமாவது. ஆகவே சமையல் தன் கையில் இல்லாதவருக்குச் சோறு, புட்டு, சீனி ஆகியவற்றைக் குறைப்பது இலகு. சமையல் தன் கையில் இருப்பவர் தேங்காயையும் எண்ணெயையும் முழு வீட்டுக்கும் கொஞ்சம் குறைத்துவிடலாம். சட்டியில் பாதித் தேங்காய் குறைந்தது பலருக்கு நாக்கில் தெரியாது, தூளும் புளியும் சரியாக இருந்தால்.

அடுத்தது விரதம். வெள்ளிக்கிழமை மரக்கறி என்பது பல வீடுகளில் மாறாத வழக்கம். நல்லூர்த் திருவிழா வந்தால் இருபத்தைந்து நாளும் மச்சம் வீட்டுக்குள் வராது. மீனையும் முட்டையையும் மட்டும் நம்பிக் கட்டிய குறைமாச்சத்து முறை அந்த மாதத்தில் உடைந்துபோகும். மரக்கறிக்காரரின் புரதம் பருப்பு, பயறு, கடலையிலிருந்து வருவது, அவற்றில் மாச்சத்தும் சேர்ந்தே வரும். நாளுக்கு 20 கிராம் எல்லை வைத்தவர் ஒரு கோப்பை கடலையோடு எல்லையைத் தாண்டிவிடுவார். ஒருமுறை தாண்டியதும் "இனி என்ன, திருவிழா முடியட்டும்" என்று முழுதாக விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் சறுக்கல். அதே ஆசிரியை அந்த மாதத்துக்கு மட்டும் எல்லையைத் தளர்த்தி, சோற்றைப் பாதியிலேயே வைத்து, மீனின் இடத்தில் பருப்பும் சோயாமீற்றும் தயிரும் வைத்து, மோதகத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் கோயிலில் கிடைக்கும் அளவோடு நிறுத்தினால், திருவிழா முடியும்போது பழைய முறைக்குத் திரும்புவதற்கு எதுவும் உடைந்திருக்காது.

இரண்டு வழியிலும் ஒவ்வொரு பொறி உண்டு. குறைகொழுப்புக்காரர் தேங்காயை விட்டுவிட்டு, பாணும் ஜாமும் கிறீம் இல்லாத பிஸ்கட்டும் "கொழுப்பில்லை" என்று கணக்கில்லாமல் சாப்பிடுவார். குறைமாச்சத்துக்காரர் சோற்றை விட்டுவிட்டு, பொரித்த மீனும் கச்சானும் கஜுவும் "மா இல்லை" என்று கைநிறைய அள்ளுவார். கஜு 100 கிராமில் 550 கலோரிக்கு மேல், அது மதியச் சோற்றைவிட அதிகம். அதோடு, சோற்றின் இடத்தை முழுக்கத் தேங்காயாலும் இறைச்சிக் கொழுப்பாலும் நிரப்பினால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் சிலருக்கு நன்றாக ஏறும். மீன், கச்சான், நல்லெண்ணெய் பக்கம் சாய்வது நல்லது. மெலிந்துகொண்டே இருந்தாலும் சில மாதத்தில் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது

கிழமையில் மூன்று நாள், காலையில் எழுந்து மலசலம் கழித்த பின், சாப்பிட முன் நிறையைப் பாருங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து அந்தக் கிழமையின் எண்ணாக எழுதுங்கள். ஒரு நாள் எண்ணுக்கு அர்த்தம் குறைவு, முதல்நாள் சாப்பிட்ட கருவாட்டின் உப்பு, மாதவிடாய் நாட்கள், மலச்சிக்கல் எல்லாம் ஒரு கிலோ வரை ஆட்டும். கூடவே இரண்டு கிழமைக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளவு நாடாவால் அளந்து வையுங்கள்.

மூன்றாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமை வரை அந்தச் சராசரி இறங்கிக்கொண்டு வந்தால், எந்த வழியில் இருந்தாலும் அங்கேயே இருங்கள். இறங்கவில்லை என்றால் உடனே வழியை மாற்றாதீர்கள். முதலில் ஒரு கிழமைக்கு, சனி ஞாயிறு உட்பட, வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள், பிள்ளையின் தட்டில் மிஞ்சியதும் சமைக்கும்போது உப்புப் பார்த்ததும் சேர்த்து. பெரும்பாலும் பதில் அந்தத் தாளில் இருக்கும். தாளில் எல்லாம் சரியாக இருந்தும், நாள்தோறும் பசியோடு போராடுவதாக உணர்ந்தால், அப்போது மற்ற வழிக்கு மாறிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. பசி குறைந்ததா என்பதை இரண்டு மூன்று கிழமையில் உணரலாம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு

மேலே சொன்ன 609 பேரும் நீரிழிவு இல்லாதவர்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுபவர்களோ, கிளிக்ளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களோ, சோற்றைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது. மருந்து பழைய சோற்றின் அளவுக்குக் கணக்கிட்டது. சோறு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்றல், குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். அப்படி வந்தால் உடனே மூன்று நாலு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் குடித்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த நேரத்தில் மெலிய முயல வேண்டாம். மற்றபடி நீரிழிவு உள்ளவர்களுக்கு மாச்சத்தைக் குறைப்பது சீனியைக் கட்டுப்படுத்த உதவக்கூடியதுதான். கிளினிக் நாளில் "சோற்றை இவ்வளவால் குறைக்கப் போகிறேன், மருந்தையும் மாற்ற வேண்டுமா" என்று அளவோடு கேளுங்கள். தட்டில் வழக்கமாகப் போடும் சோற்றை ஒருநாள் வீட்டில் கோப்பையால் அளந்து, அந்த எண்ணைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால், வைத்தியருக்கும் பதில் சொல்வது சுலபமாக இருக்கும்.